மீட்டருக்கு ஒரு சி.டி., ரிலேவுக்கு ஒரு சி.டி. ஏன்?

மெயின் பேனலில் ஒவ்வொரு பேஸிலும் இரண்டு சி.டி., அதாவது பெரிய மின்னோட்டத்தை மீட்டரும் ரிலேவும் தாங்கும் சிறிய அளவுக்குக் குறைத்துத் தரும் கரன்ட் டிரான்ஸ்பார்மர், மாட்டியிருப்பதைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டிலும் 1600/5 என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்றிலேயே மீட்டரையும் ரிலேவையும் மாட்டினால் என்ன?"

ரேஷியோவை முதலில் முடித்துவிடலாம். 1600/5 என்றால் பஸ்பாரில் 1600 ஆம்பியர் ஓடும்போது சி.டி. 5 ஆம்பியர் தரும். 1000 கே.வி.ஏ., 433 வோல்ட் டிரான்ஸ்பார்மர் என்றால் முழு லோடில் 1333 ஆம்பியர். அதற்கு மேலே கிடைக்கும் அளவு 1600. நாளைக்கு லோடு ஏறும் என்று 3000/5 போட்டுவிடக் கூடாது. 0.5 கிளாஸ் சி.டி. முழு ஓட்டத்தில்தான் அரை சதவீதப் பிழைக்குள் நிற்கும். 5 சதவீத ஓட்டத்துக்கு இறங்கினால் ஒன்றரை சதவீதம் வரை தப்ப அதற்கு அனுமதி உண்டு.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். பஸ்பாரில் ஓடும் மின்னோட்டம் சி.டி.யின் இரும்பு வளையத்தில் காந்தப்புலத்தை உண்டாக்கப் பார்க்கிறது. வளையத்தின் மேல் சுற்றிய செகண்டரிக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் அதை எதிர்த்து ஏறக்குறைய முழுவதையும் அழித்துவிடுகிறது. மிஞ்சுவது கொஞ்சம்தான். செகண்டரி மின்னோட்டத்தை ஒயர் வழியாக, ரிலே வழியாகத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான வோல்ட்டை அந்த மிச்சம்தான் தருகிறது. தள்ள வேண்டிய தடை கூடினால் வோல்ட் கூட வேண்டும், இரும்பில் காந்தமும் கூட வேண்டும். இரும்புக்கோ ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் நனைந்து ஊறிய துணி மேற்கொண்டு தண்ணீரை வாங்காதது போல அதுவும் வாங்காது. அப்போது ஒவ்வொரு அரைச்சுற்றிலும் செகண்டரி மின்னோட்டம் ஒழுங்காகத் தொடங்கி, பாதியிலேயே சரிந்து விழும். பேனலில் 26,000 ஆம்பியர் ஓடும்போது ரிலே அதைவிட மிகக் குறைவாகப் பார்த்து, தாமதமாக டிரிப் கொடுக்கும்.

அந்த எல்லை நேம் பிளேட்டிலேயே இருக்கிறது. ரிலே சி.டி.யில் 5பி10, 15 வி.ஏ. என்றால், 15 வி.ஏ. பர்டனோடு, அதாவது செகண்டரியில் மாட்டும் சுமையோடு, பத்து மடங்கு மின்னோட்டம் வரை பிழை 5 சதவீதத்தைத் தாண்டாது என்று பொருள். 5 ஆம்பியரில் 15 வி.ஏ. என்பது 0.6 ஓம். செகண்டரிக் கம்பியின் சொந்தத் தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொண்டால், 50 ஆம்பியரை 0.8 ஓமில் தள்ள வேண்டும். ஆக இந்த இரும்பு 40 வோல்ட் தரும்.

நம் டிரான்ஸ்பார்மரின் இம்பீடன்ஸ் 5 சதவீதம். ஷார்ட் ஆனால் சுமார் 26,700 ஆம்பியர், அதாவது செகண்டரியில் 83. ரிலே அதே பேனலில் 5 மீட்டர் ஒயர் தூரத்தில் இருந்தால், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் போக வர 0.07 ஓம். ரிலேவுக்கு 0.01 சேர்த்தால் மொத்தம் 0.28 ஓம், வேண்டியது 23 வோல்ட். பத்து மடங்கு என்று எழுதிய சி.டி. பதினாறு மடங்கையும் தாங்கிவிடுகிறது. அதே ரிலேவை 40 மீட்டர் தள்ளி கன்ட்ரோல் ரூமில் வைத்துப் பாருங்கள்: 0.77 ஓம், 64 வோல்ட். இரும்பு ஊறிவிடும். அங்கே 1 ஆம்பியர் செகண்டரி போடுவதே சரி; அதே ஒயர் தின்னும் வி.ஏ. இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும். ஷார்ட்டின் முதல் சில சுற்றுகளில் டி.சி.யும் கலந்து வரும் என்பதால் நான் எப்போதும் நல்ல இடைவெளி விட்டே கணக்குப் போடுவேன்.

மீட்டருக்கான சி.டி.யின் கதை நேர் எதிர். அது ஊற வேண்டும். எஃப்.எஸ். 5 என்ற குறி, ஐந்து மடங்குக்குள் ஊறி மீட்டரைக் காப்பாற்றிவிடும் என்ற உறுதிமொழி. ஆனால் அதுவும் முழு பர்டனில்தான். 15 வி.ஏ. மீட்டரிங் சி.டி.யில், ஏறக்குறைய ஒன்றுமே இழுக்காத எலக்ட்ரானிக் மீட்டரை மாட்டினால், ஐந்து மடங்கான 25 ஆம்பியரை 0.8 ஓமில் தள்ளும் 20 வோல்ட்டை 0.28 ஓமால் வகுக்க 70 ஆம்பியர் வருகிறது. பதினான்கு மடங்கு வரை மீட்டருக்குள் பாயலாம்! 5 வி.ஏ. வாங்கினால் ஏழு மடங்கில் நின்றுவிடும். "வி.ஏ. பெரிதாக இருந்தால் நல்லது" என்பது நம் பேனல் தொழிலில் வேரூன்றிய மூடநம்பிக்கை. வாசகர் கேட்ட கேள்விக்குப் பதிலும் இதுதான்: ஒன்று ஊறவே கூடாது, மற்றது சீக்கிரம் ஊற வேண்டும்; ஓர் இரும்பு இரண்டையும் செய்யாது.

இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். லைனை அணைத்துவிட்டு செகண்டரியைக் கழற்றுங்கள் (லைன் ஓடும்போது கழற்றினால் எதிர்க்க ஆளில்லாமல் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்). வோல்ட்டை வேண்டிய அளவுக்கு ஏற்றி இறக்கும் ஒரு வேரியாக்கால் செகண்டரிக்கு மெதுவாக வோல்ட் ஏற்றுங்கள். மில்லிஆம்பியர் முள் சோம்பலாக நகரும். ஓரிடத்தில், வோல்ட்டை 10 சதவீதம் கூட்டினால் மின்னோட்டம் 50 சதவீதம் தாவும். அதுதான் இரும்பு ஊறத் தொடங்கும் இடம்; முழங்கால் போல வளைவதால் ஆங்கிலத்தில் "நீ பாயின்ட்" என்பார்கள். வேரியாக், வோல்ட் மீட்டர், அம்மீட்டர், இவ்வளவுதான் தேவை. ஒவ்வொரு பாலிடெக்னிக் ஆய்வகமும் மாணவர் கையாலேயே இதைச் செய்ய வைக்கப் பணம் ஒதுக்க வேண்டும். முள் தாவும் அந்தக் கணத்தில் கைக்கடியில் வேரியாக்கின் உறுமலும் மாறும்.