ஓம் விதிக்கு பல்ப் மட்டும் போதுமா? அறிவியல் கிட் வாங்கும் முன் தலைமை ஆசிரியர்கள் பார்க்க வேண்டியது

அறிவியல் கிட் செய்யும் நிறுவனம் ஒன்றில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதுவதும், நேரம் கொடுத்தால் வகுப்பறைக்கே போய் இலவசமாகச் செய்து காட்டுவதும் என் பொறுப்பு. அந்தக் கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்க அட்டவணை இருக்கும். இடப்பக்கம் பாடத்தின் பெயர், வலப்பக்கம் எங்கள் கிட்டில் உள்ள பொருட்கள். "உங்கள் பாடத்திட்டத்துக்கு முழுமையாகப் பொருந்தும்" என்று மேலே ஒரு வரி. அந்த வரியை நம்பி வாங்கிவிடக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதை எழுதியவனே நான்தான்.

ஒரு பள்ளியில் மின்னியல் கிட்டைச் செய்து காட்டப் போயிருந்தேன். அட்டவணையில் "ஓம் விதி" என்ற பாடத்துக்கு எதிரே செல்கள், டார்ச் பல்ப், அம்மீட்டர், வோல்ட்மீட்டர், ஒயர்கள் என்று போட்டிருந்தோம். பல்ப் எரிந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்புறம் வகுப்பாசிரியை, அளவீடுகளை வரைபடமாகப் போடச் சொன்னார். 0.5 வோல்ட்டில் சுமார் 0.12 ஆம்பியர், 2.5 வோல்ட்டில் 0.3 ஆம்பியர். ஒரு மாணவி தாளைக் காட்டி, "சார், நேர்கோடு வரணும்னு புக்ல இருக்கே, எனக்கு ஏன் வளையுது?" என்று கேட்டாள்.

அவள் வரைந்தது சரிதான். மின்னழுத்தம் 5 மடங்கு கூடியபோது மின்னோட்டம் இரண்டரை மடங்குதான் கூடியிருக்கிறது. கணக்குப் போட்டால் மின்தடை முதலில் சுமார் 4 ஓம், கடைசியில் 8 ஓமுக்கு மேல். பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை ஏறும். வெப்பநிலை மாறாமல் இருந்தால்தான் ஓம் விதியின் நேர்கோடு கிடைக்கும். அந்த விதியைச் சரிபார்க்க, அதிகம் சூடாகாத ஒரு மின்தடை தேவை. அது எங்கள் பெட்டியில் இல்லவே இல்லை.

பாடத்தின் தலைப்பு பொருந்தியது, அந்தப் பாடத்தில் மாணவர் செய்து முடிக்க வேண்டியது பொருந்தவில்லை. கிட் விற்கிற எங்களைப் போன்றவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஆகவே கடிதம் வந்தால் அட்டவணையில் ஒரே ஒரு வரியை எடுத்து உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். பாடநூலில் அந்தச் சோதனையின் முடிவாக என்ன கேட்டிருக்கிறதோ, அதை இந்தப் பொருட்களை மட்டும் வைத்து எட்ட முடியுமா என்று அவர் பார்க்கட்டும்.

மின்தடை இருக்கிறது என்று பட்டியலில் போட்டிருந்தாலும் அதன் வாட் அளவைக் கேளுங்கள். 10 ஓம் மின்தடையில் 3 வோல்ட் கொடுத்தால் 0.3 ஆம்பியர் ஓடும், 0.9 வாட் வெப்பமாகும். மலிவாகக் கிடைக்கும் கால் வாட் மின்தடையைப் போட்டிருந்தால் அது தொட முடியாதபடி சுட்டு, கருகிவிடும். நாங்கள் இப்போது 2 வாட் வைக்கிறோம். பல்பையும் எடுத்துவிடவில்லை. முதலில் மின்தடையில் நேர்கோடு, அடுத்து பல்பில் வளைகோடு என்று இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால், அந்த மாணவி கேட்ட கேள்வியே பாடமாகிவிடுகிறது.

சரி, இலவசச் செயல்விளக்கத்துக்கு வருவோம். நாங்கள் மேசை முன்னால் நின்று செய்தால் எதுவும் சொதப்பாது, ஏனென்றால் அதே இணைப்பை நூறு முறை போட்ட கை இது. அதனால் உங்களுக்கு எதுவும் தெரியவராது. வருவதாகச் சொன்னவுடனே இப்படிக் கேளுங்கள்: "ஐந்து பேருக்கு ஒரு செட் வீதம் வகுப்பு முழுக்கக் கொண்டு வாருங்கள். எங்கள் ஆசிரியர் நடத்துவார், நீங்கள் பின்னால் உட்காருங்கள்." ஒரே ஒரு செட் மட்டும்தான் கொண்டுவர முடியும் என்றால், அதையாவது ஒரு குழுவின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள். 40 நிமிடப் பாடவேளையில் பெட்டியைத் திறந்து பொருளை எடுக்கவே ஏழெட்டு நிமிடம் போகும். முதல் இணைப்பில் பாதிக் குழுக்களுக்கு அம்மீட்டர் முள் பின்பக்கம் அடிக்கும், ஏனென்றால் நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். முனைகளில் சிவப்பும் கறுப்பும் தெளிவாக இருந்தால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். இல்லாவிட்டால் ஆசிரியர் ஒவ்வொரு மேசையாக ஓட வேண்டியிருக்கும், அளவீடு எடுக்கும் முன் மணி அடித்துவிடும். கடைசியில் ஐந்து நிமிடம், பொருட்களை எண்ணிப் பெட்டிக்குள் வைக்க. மூடியின் உட்புறம் பொருட்களின் படம் ஒட்டியிருந்தால் காணாமல் போன க்ளிப் உடனே தெரியும்.

முடிந்தால் ஒரு செட்டை ஒரு வாரம் விட்டுப்போகச் சொல்லுங்கள். செல் தாங்கியின் ஸ்ப்ரிங் தளர்வதும், க்ளிப்பின் ஒயர் பிய்வதும் அந்த ஒரு பாடவேளையில் தெரியாது. பல்பும் செல்லும் தீர்ந்தால் சாதாரணக் கடையில் கிடைக்கிறதா, எங்களிடம்தான் வாங்க வேண்டுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆசிரியரின் கருத்தை எங்கள் எதிரில் மட்டும் கேட்க வேண்டாம். விருந்தாளி முகத்துக்கு நேரே "நல்லா இருக்கு சார்" என்றுதான் யாரும் சொல்வார்கள். நாங்கள் வாசலைத் தாண்டிய பிறகு, பிள்ளைகள் வரைந்த தாள்களை மேசையில் பரப்பி வைத்துக் கேளுங்கள்.