72,000 ரூபாய் வருமானச் சான்றிதழால் வரும் வினை

கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் எங்கள் மாணவர்கள் போடும் விண்ணப்பங்கள் முதலில் என் திரைக்குத்தான் வரும், நான் சரிபார்த்து அனுப்பினால்தான் மேலே போகும். இதில் திரும்பிப் போகும் விண்ணப்பங்களைப் பார்த்தால், தகுதி இல்லாத பிள்ளைகளைவிட, தகுதி இருந்தும் காகிதத்தில் அதைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகள்தான் அதிகம். கெடுப்பதில் முதலிடம் வருமானச் சான்றிதழுக்கு.

ஒரு மாணவியின் விண்ணப்பத்தை வைத்தே சொல்கிறேன். பி.காம். முதலாமாண்டு. கல்லூரி மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகைக்குப் போட்டிருந்தார், பட்டப்படிப்புக்கு வருடம் 12,000 ரூபாய் வரும் திட்டம் அது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இணைத்திருந்த வருமானச் சான்றிதழில் 72,000 என்று இருந்தது. கூடவே அப்பாவின் மில் சம்பளச் சீட்டும் இருந்தது, யாரோ 'எதுக்கும் வச்சிரு' என்று சொல்லியிருப்பார்கள். அதில் மாத மொத்தச் சம்பளம் 20,500.

72,000 என்றால் மாதம் 6,000. ஒரே விண்ணப்பத்தில் ஒரு காகிதம் 6,000 என்கிறது, இன்னொன்று 20,500 என்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சரி என்று அழுத்துவது?

இந்த 72,000 எங்கிருந்து வந்தது என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு முன்பு வருமான வரம்பு 72,000 ஆக இருந்தது, பிறகுதான் அது 1,20,000 ஆனது. காப்பீட்டு அட்டைக்காக அந்தத் தொகைக்குள் சான்றிதழ் வாங்கிய பழக்கம் ஊரில் அப்படியே தங்கிவிட்டது. இ-சேவை மையத்தில் 'வருமானம் எவ்வளவுன்னு போடட்டும்?' என்று கேட்டால் வாயில் வருவது அந்த எண்தான். குறைவாகக் காட்டினால் உதவித்தொகை உறுதி என்ற நினைப்பு வேறு. இந்தத் திட்டத்தில் வருமானம் ஒரு வாசல்படி, அவ்வளவுதான். 4.5 லட்சத்துக்குள் இருந்தால் உள்ளே வரலாம், வந்த பிறகு 72,000 காட்டியவருக்கும் 4 லட்சம் காட்டியவருக்கும் ஒரே மரியாதைதான், ஆளைத் தேர்ந்தெடுப்பது மதிப்பெண் வரிசைப்படி நடக்கும்.

சரி, அந்த வீட்டின் உண்மையான வருமானம் என்ன? மாணவியை உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். 'சார், அப்பாவுக்குக் கைக்கு 15,500தான் வருது' என்றார். பொய் இல்லை. 20,500-இல் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 154, மில் சொசைட்டிக் கடனுக்கு 3,000 போக மீதி 15,546. ஆனால் வருமானம் என்று எடுப்பது பிடித்தம் போக மிஞ்சுவதை அல்ல, பிடிப்பதற்கு முன் உள்ளதை. சொசைட்டிக் கடன் தவணை அவர்கள் செலவு, அது வருமானத்தைக் குறைக்காது. ஆக வருடத்துக்கு 2,46,000. தீபாவளி போனஸ் 17,000 சேர்த்தால் 2,63,000. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார், மாதம் சுமார் 4,000, வருடத்துக்கு 48,000. மொத்தம் 3,11,000.

4.5 லட்சத்துக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. உண்மையைச் சொன்னாலே தகுதி உள்ள குடும்பம், பொய்யான எண்ணால் மாட்டிக்கொள்ள இருந்தது.

ஆனால் இதே குடும்பம் 2.5 லட்சம் வரம்புள்ள பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்குப் போட்டிருந்தால் கதை வேறு. கைக்கு வரும் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, போனஸை மறந்து, அம்மாவின் தையலைச் சேர்த்தால் 2,34,552, வரம்புக்குள் வந்துவிடும். சரியாகக் கணக்கிட்டால் 3,11,000, வெளியே போய்விடும். எல்லோரும் வேண்டுமென்று பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை, பலருக்கு வருமானம் என்றால் பையில் வந்து விழுவதுதான். ஆனால் சம்பளச் சீட்டு பேசும்.

சான்றிதழைத் திருத்திப் போடுகிறவர்கள் கதை தனி. பி.டி.எஃப்.-இல் தொகையை மட்டும் மாற்றுவார்கள், எழுத்தில் உள்ள தொகை பழையபடியே இருக்கும். இரண்டையும் மாற்றினாலும் க்யூ.ஆர். குறியீடு இருக்கிறது, சான்றிதழ் எண்ணைப் போட்டால் வருவாய்த் துறைப் பதிவில் இருப்பது வந்துவிடும். இதைப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

அப்புறம் மதிப்பெண். அந்த மாணவிக்கு 600-க்கு 486, அதாவது 81 சதவீதம். '80-க்கு மேலதானே கேட்டிருக்காங்க' என்றார். கேட்டிருப்பது 80 மதிப்பெண் சதவீதம் இல்லை. அவர் படித்த போர்டில், அவர் பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நூற்றுக்கு எண்பது பேருக்கு மேலே அவர் நிற்க வேண்டும். அந்த எல்லை மதிப்பெண் போர்டுக்குப் போர்டு, பிரிவுக்குப் பிரிவு, வருடத்துக்கு வருடம் மாறும். எளிதான வினாத்தாள் வந்த வருடம் 81 சதவீதம் வாங்கியும் வெளியே நிற்கலாம், கடினமான வருடம் 76 வாங்கியவர் உள்ளே வரலாம். ஆகவே 80 வரவில்லை என்று விண்ணப்பிக்காமல் விடாதீர்கள், 81 வந்துவிட்டது என்று பணத்தைக் கணக்கிலும் வைக்காதீர்கள். எல்லையைத் தாண்டியவர்களுக்குள்ளும் இடம் குறைவு, நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 82,000 புதிய உதவித்தொகைதான், அதைப் போர்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

பெயர் பிரச்சினை பற்றிப் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. இனிஷியல் ஓர் ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருப்பது தமிழ்நாட்டில் சகஜம், அதற்காக நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. பிறந்த தேதி ஆதாரில் ஒன்றும் மதிப்பெண் பட்டியலில் ஒன்றுமாக இருந்தால் விட முடியாது. அப்பா பெயர் ஒன்றில் முருகன், இன்னொன்றில் முருகேசன் என்றால் கேள்வி வரும், இரண்டும் ஒருவரே என்று காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

அந்த மாணவியின் விண்ணப்பத்தை நான் நிராகரிக்கவில்லை, 'டிஃபெக்ட்' போட்டுத் திருப்பினேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. டிஃபெக்ட் என்றால் குறையைச் சரிசெய்து மறுபடி சமர்ப்பிக்கலாம், ஆனால் கடைசித் தேதிக்குள். ரிஜெக்ட் ஆனால் கதை முடிந்தது. குறை போட்டால் இணையதளத்தில் காரணமும் எழுதுவோம், ஆனால் விண்ணப்பத்தைப் போட்ட பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் ஏராளம்.

அவர் அப்பாவின் சம்பளச் சீட்டோடும் போனஸ் விவரத்தோடும் இ-சேவையில் புதிய சான்றிதழுக்கு விண்ணப்பித்தார். வி.ஏ.ஓ. விசாரித்து, ஆர்.ஐ. பார்த்து, தாசில்தார் அலுவலகத்திலிருந்து வருவதற்கு நாளாகும், அதனால்தான் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லி வருகிறேன். வந்த சான்றிதழில் 3,11,000 என்று இருந்தது. வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குகிறாரா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் அப்படி வாங்கினால் இது கிடையாது. இல்லை என்றார். சரிபார்த்து மேலே அனுப்பிவிட்டேன். எல்லை மதிப்பெண்ணைத் தாண்டினாரா என்பதை இனி போர்டு பட்டியல் சொல்லும். தாண்டியிருந்தால் அடுத்த வருடமும் புதுப்பிக்க வேண்டும், அதற்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் தேவை என்பதையும் அவர் நோட்டில் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.