குரலை நீக்கினால் மட்டும் அது மௌனப் படம் ஆகிவிடாது

இந்த மாதமும் அதே கோரிக்கை வந்தது. ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் தொலைக்காட்சித் திரை வைத்திருக்கிறார்கள். ஒலி வைக்க முடியாது. கையில் ஏற்கெனவே ஒரு விழிப்புணர்வு வீடியோ இருக்கிறது, 2 நிமிடம் 40 விநாடி, அழகான பின்னணிக் குரலுடன். "குரலை எடுத்துவிட்டு அதே வசனத்தைக் கீழே எழுத்தாகப் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் போதும், ஒரு நாள் வேலைதானே" என்றார்கள்.

போதாது. பல ஆண்டுகளாக வீடியோக்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இதை ஒருமுறை விரிவாக எழுதிவிடுகிறேன். அடுத்த முறை கேட்பவர்களுக்கு இதையே அனுப்பலாம்.

முதலில் அந்தத் தவறான எண்ணம். பின்னணிக் குரலுள்ள வீடியோவில் காது ஒரு வேலையைச் செய்கிறது, கண் இன்னொன்றைச் செய்கிறது. குரல் கதையைச் சொல்லிக்கொண்டே போக, கண் நிம்மதியாகப் படத்தைப் பார்க்கிறது. குரலை எடுத்து எழுத்தாக மாற்றியதும் இரண்டு வேலையும் கண்ணின் தலையில் விழுகின்றன. கீழே எழுத்தைப் படிக்கும் நேரத்தில் மேலே ஓடும் காட்சி தவறிப்போகிறது. காட்சியைப் பார்த்தால் எழுத்து ஓடிவிடுகிறது. அசைவது எதுவோ அதன் பக்கம்தான் கண் போகும் என்பதால், பெரும்பாலும் தோற்பது எழுத்து. வீட்டில் அமர்ந்து வசன வரிகளோடு படம் பார்க்கிறோமே என்று கேட்பார்கள். அங்கே நடிகரின் குரலும் முகமும் இசையும் உணர்ச்சியைச் சுமக்கின்றன, வரி பொருளை மட்டும் சுமக்கிறது. அதோடு, நாம் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்திருக்கிறோம், முதல் காட்சியிலிருந்து பார்க்கிறோம். காத்திருப்புக் கூடத்தில் இருப்பவர் தன் பெயர் எப்போது கூப்பிடப்படும் என்ற கவலையில் இருக்கிறார். தற்செயலாக நிமிர்ந்து பார்க்கிறார், சில விநாடிகள் பார்க்கிறார், தலை குனிகிறார். அவருக்குத் தொடக்கம் என்று ஒன்று கிடையாது. அவர் நிமிரும் கணம்தான் அவருக்குத் தொடக்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குரலுள்ள வீடியோவுக்கு வசன வரிகள் சேர்ப்பது காது கேளாதோருக்குச் செய்ய வேண்டிய கடமை. அது வேறு வேலை, அதற்கு வேறு முறை. அந்த வரிகளை எடுத்துவந்து, திரும்பத் திரும்ப ஓடும் லூப் வீடியோவில் ஒட்டுவதை அந்தக் கடமையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி அந்த மருத்துவமனை வீடியோவுக்கே வருகிறேன். பொருள்: நாய் கடித்தால் உடனே என்ன செய்வது. பழைய ஸ்கிரிப்டின் ஒரு பகுதி இப்படி இருந்தது:

"நாய் கடித்தவுடன் பலர் பதற்றத்தில் காயத்தின் மீது எண்ணெயையோ ஏதேனும் பொடியையோ பூசிவிடுகிறார்கள். இது மிகவும் தவறு. மாறாக, முன்னர் சொன்னதுபோல, காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு குறைந்தது 15 நிமிடம் நன்றாகக் கழுவ வேண்டும். அதன் பிறகு தாமதிக்காமல் மருத்துவரை அணுக வேண்டும்."

கேட்பதற்குக் குறையில்லாத வசனம், மருத்துவ ரீதியாகவும் சரி. ஆனால் இதற்கு எடுத்திருந்த காட்சியைக் கவனியுங்கள். ஒருவர் காயத்தின் மீது எண்ணெய் பூசுகிறார், ஆறு விநாடி, அருகிலிருந்து எடுத்த தெளிவான காட்சி. அது முடியும்போது சிவப்புப் பெருக்கல் குறி வருகிறது. குரல் இருந்தபோது "தவறிழைக்கிறார்கள்" என்ற தொனி முதல் விநாடியிலேயே கேட்டுவிடும். குரல் போனதும் அந்த ஆறு விநாடியும் எண்ணெய் பூசுவதற்கான செய்முறை விளக்கம் ஆகிவிட்டது. அதுவும் மருத்துவமனையே காட்டும் செய்முறை! மூன்றாவது விநாடியில் நிமிர்ந்து ஐந்தாவது விநாடியில் அழைக்கப்பட்டு எழுந்துபோகிறவர் எதைக் கற்றுக்கொண்டு போவார்? மௌன லூப்பில் தவறான செயலை முழுமையாக நடித்துக் காட்டவே கூடாது. காட்டித்தான் ஆகவேண்டும் என்றால், அசையாத படமாக, முதல் கணத்திலிருந்தே பெருக்கல் குறியோடு காட்ட வேண்டும்.

எழுத்திலும் இதே ஆபத்து இருக்கிறது, தமிழில் கூடுதலாகவே இருக்கிறது. நம் வாக்கியத்தில் மறுப்பு கடைசியில்தான் வரும். "காயத்தின் மீது எண்ணெய் பூச வேண்டாம்" என்பதை எடிட்டர் இரண்டு வரியாக உடைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தோன்றும்படி அசைவூட்டினால், மூன்று விநாடிக்குத் திரையில் நிற்பது "காயத்தின் மீது எண்ணெய் பூச". இப்படி ஒரு வரைவை நான் உண்மையிலேயே பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு கோபம். எழுத்து முழுவதும் ஒரே நேரத்தில் தோன்ற வேண்டும். முடிந்தவரை மறுப்பே இல்லாமல் எழுத வேண்டும். ஒரே நேரத்தில் திரையில் நிற்கும் எழுத்தை நாங்கள் அட்டை என்போம். அந்த அட்டையை நான் இப்படி மாற்றினேன்: "காயத்தின் மீது / சோப்பும் தண்ணீரும் மட்டும்". எண்ணெய் என்ற சொல்லே திரையில் வரவில்லை.

அடுத்த சிக்கல் 15 நிமிடம். பழைய வீடியோவில் காயத்தைக் கழுவும் காட்சி ஐந்து விநாடி ஓடி அடுத்ததற்குப் போய்விடும். குரல் "15 நிமிடம்" என்று சொல்லும்போது அது பொருந்தியது. எழுத்து மட்டும் இருக்கையில், பார்ப்பவர் மனத்தில் பதிவது சட்டென்று கழுவி முடித்த காட்சிதான். படமும் எழுத்தும் முரண்பட்டால் படமே வெல்லும். எனவே காட்சியை வெட்டாமல் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும்படி வைத்து, பக்கத்தில் ஒரு கடிகார முகத்தில் கால் வட்டம் மெதுவாக நிறைவதைக் காட்டினோம். "15 நிமிடம்" என்பது மற்ற எழுத்தைவிட இரு மடங்கு பெரியது. எழுத்தைப் படிக்காதவருக்கும் நெடுநேரம் கழுவ வேண்டும் என்பது புரிகிறது.

முழு ஸ்கிரிப்டும் கடைசியில் இப்படி ஆனது. திரையின் மேல் ஓரத்தில் "நாய் கடித்தால்" என்ற பட்டை, லூப் முழுவதும் அசையாமல் நிற்கும். எந்த விநாடியில் நிமிர்ந்தாலும் இது எதைப் பற்றியது என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. அதன் கீழே ஆறு அட்டைகள்:

"உடனே காயத்தைக் கழுவுங்கள்"
"சோப்பு, ஓடும் தண்ணீர் / 15 நிமிடம்"
"காயத்தின் மீது / சோப்பும் தண்ணீரும் மட்டும்"
"அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்"
"சிறு கீறலையும் காட்டுங்கள்"
"தடுப்பூசி: எல்லாத் தவணைகளும் தேவை"

பட்டையையும் சேர்த்து மொத்தம் 25 சொற்கள். ஒவ்வோர் அட்டைக்கும் 8 விநாடி, ஆக 48 விநாடி. முதல் 3 விநாடி எழுத்து வந்து நிற்கும், படம் அசையாது. கண் படித்து முடித்த பிறகே படம் அசையத் தொடங்கும். எழுத்து அதே இடத்தில் கடைசிவரை நிற்கும். எட்டு விநாடி நீளமாக இருக்கிறது என்று அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்து பார்ப்பவர்கள் கட்டாயம் சொல்வார்கள். அவர்களுக்கு அந்த வரி மனப்பாடம். அட்டையை வாய்விட்டு, அவசரமில்லாமல் இரண்டு முறை படியுங்கள். அதற்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவாக எழுத்தை நிறுத்தாதீர்கள்.

அட்டைகளில் "முன்னர் சொன்னதுபோல", "அடுத்ததாக", "எனவே", "இது" எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். லூப்பில் முன்னரும் இல்லை, அடுத்ததும் இல்லை. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அட்டைகளைத் தனித்தனித் தாளில் எழுதிக் கலைத்து, விஷயம் தெரியாத ஒருவரிடம் ஏதோ ஒன்றைக் கொடுங்கள். பட்டையையும் அந்த ஒரு தாளையும் மட்டும் வைத்து என்ன செய்ய வேண்டும் என்று அவரால் சொல்ல முடிந்தால் அட்டை சரி. "எதை?" என்று கேட்டால் திருத்துங்கள்.

நீக்கியவற்றைப் பற்றி அங்கிருந்த மருத்துவர் வருத்தப்பட்டார். "கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போவதைச் சொல்லாவிட்டால், ஏன் கழுவ வேண்டும் என்று அவர்களுக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த விளக்கத்துக்குக் கடித்த இடம், நரம்பு, மூளை என்று வரிசையாக நகரும் படம் வேண்டும், குறைந்தது இருபது விநாடி தொடர்ந்து பார்க்க வேண்டும். நடுவில் நிமிர்பவருக்கு அது உடலுக்குள் ஏதோ ஒரு கோடு நகர்வது மட்டுமே. காரணத்தைத் துண்டுப் பிரசுரத்தில் எழுதித் திரைக்குக் கீழே வைத்தோம். செய்ய வேண்டியது திரையில், ஏன் என்பது தாளில். டாக்டர் ஒப்புக்கொண்டார்.

எழுத்தின் அளவைப் பற்றிச் சுருக்கமாக. பெயர்ப்பலகை எழுதுபவர்களின் பழைய கணக்கு ஒன்று உண்டு: வசதியாகப் படிக்க, 3 மீட்டர் தூரத்துக்கு எழுத்தின் உயரம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். கடைசி நாற்காலி 6 மீட்டரில் இருந்தால் 50 மில்லிமீட்டர். 55 அங்குலத் திரையில் முழு எச்டி வீடியோவுக்கு அது ஏறக்குறைய 80 பிக்சல். இது மென்பொருளில் தட்டச்சு செய்யும் எழுத்துரு அளவு அல்ல, திரையில் "ப" என்ற எழுத்தின் உண்மையான உயரம். தமிழ் எழுத்துருக்களில் மேலே விசிறியும் கீழே சுழியும் இடம் பிடிப்பதால், எண்ணில் 80 போட்டால் "ப" அதைவிட நன்றாகவே சிறியதாக வரும். அளந்து பாருங்கள். வரி இடைவெளியையும் தாராளமாக விடுங்கள், இல்லையென்றால் மேல்வரியின் "ழு" கீழ்வரியின் "கி"யில் முட்டும்.

கடைசி அட்டையிலிருந்து முதல் அட்டைக்குத் திரும்பும் இடத்தையும் ஸ்கிரிப்டிலேயே எழுதுங்கள். நன்றி, முற்றும், இருட்டுத் திரை எதுவும் வேண்டாம். பல தொலைக்காட்சிகள் பென்டிரைவிலிருந்து கோப்பைத் திரும்ப ஓட்டும்போது ஒரு கணம் கறுத்து, கோப்பின் பெயரைக் காட்டும். 48 விநாடிக்கு ஒருமுறை அது நடந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு எரிச்சல். அதே லூப்பை எழுபத்தைந்து முறை அடுத்தடுத்து வைத்து ஒரு மணி நேரக் கோப்பாக எடுத்துக் கொடுத்தோம், இப்போது மணிக்கு ஒருமுறைதான் கறுக்கிறது. மேல் பட்டை எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதால், ஓஎல்இடி திரையாக இருந்தால் அதன் தடம் பதிந்துவிடும். சாதாரண எல்இடி திரையைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதச் சொல்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். படம் எடுத்து, குரல் பதிவு செய்து, எல்லாம் முடிந்த பிறகு எங்களிடம் வராதீர்கள். திரை எந்த உயரத்தில் மாட்டப்படும், கடைசி நாற்காலி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அங்கே மக்கள் உட்காருவார்களா நடந்து கடப்பார்களா என்ற மூன்றையும் முதல் நாளே சொல்லுங்கள். முடிந்தால் கூடத்தின் ஒரு புகைப்படத்தைக் கடைசி நாற்காலியில் அமர்ந்து எடுத்து அனுப்புங்கள்.