'சின்ஸ்' என்று வந்தால் மணி கேளுங்கள்

வார்டிலிருந்து ராத்திரி வரும் வாட்ஸ்அப் செய்திகளில் நான் கொஞ்சம் நின்று படிக்கும் சொல் 'சின்ஸ்'. அதற்கு 'அப்போதிலிருந்து' என்றும் பொருள், 'அதனால்' என்றும் பொருள். முழு வாக்கியமாக எழுதினால் வினைச்சொல்லின் காலமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அவசரத்தில் துணைவினைகளை வெட்டிவிடுகிறோம், அந்தத் தடயமும் போய்விடுகிறது.

ஒரு செய்தியைப் பாருங்கள். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள இளைஞர், வாந்தியோடு சேர்ந்திருக்கிறார். "இன்சுலின் நாட் கிவன் சின்ஸ் வாமிட்டிங்." வாந்தி எடுப்பதால் இப்போதைய ஊசியை மட்டும் போடவில்லை என்று படிக்கலாம். வாந்தி ஆரம்பித்ததிலிருந்தே ஊசி இல்லை என்றும் படிக்கலாம். வாந்தி நேற்றுக் காலையிலேயே தொடங்கியிருந்தால், நாள் முழுக்க ஓட வேண்டிய நீண்டநேர இன்சுலினும் விட்டுப்போயிருக்கும். இந்த வகை நோயாளி சாப்பிடாவிட்டாலும் அதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் ஏறும், ஏறினால் வாந்தி வரும். அப்படியானால் வாந்தியால் ஊசி நின்றதா, ஊசி நின்றதால் வாந்தியா என்பதே கேள்வியாகிவிடுகிறது.

இங்கே "அதனால்தானே சிஸ்டர்?" என்று கேட்டுப் பயனில்லை. கை வேலையாக இருப்பவர் "ஆமா டாக்டர்" என்றுதான் சொல்வார். "கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது? எந்த இன்சுலின்?" என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். 'வாந்தி எடுத்ததிலிருந்து', 'வாந்தி எடுத்ததால்' என்று நம் பேச்சில் இரண்டும் தனித்தனியாகத்தான் நிற்கின்றன, ஆங்கிலத்தில் தட்டும்போதுதான் ஒட்டிக்கொள்கின்றன.

"நேத்து காலைல போட்டது" என்று பதில் வந்தால் விடியும்வரை காத்திருக்க முடியாது. உடனே விரல் நுனியில் சர்க்கரையும் கீட்டோனும் பார்க்க வேண்டும். கீட்டோன் 3 மில்லிமோலைத் தொட்டிருந்தால் கீட்டோஅசிடோசிஸ் என்று எண்ணி அமிலத்தன்மையும் பொட்டாசியமும் பார்த்து, சலைன் ஏற்றத் தொடங்க வேண்டும். பொட்டாசியம் மிகக் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்த பிறகே இன்சுலின்.

'ஆஸ்' என்ற சொல்லும் இப்படித்தான். "பிளட் ஸ்டாப்டு ஆஸ் ஷிவரிங் ஸ்டார்டட்" என்றால், நடுக்கம் கண்டு ரத்தம் ஏற்றுவதை நிறுத்தினார்களா, பை தீரும் நேரத்தில் நடுக்கம் வந்ததா? எப்படியானாலும் ரத்தம் ஏற்றியதால் வந்த எதிர்விளைவா என்று சந்தேகிக்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு ரத்தம் உள்ளே போயிற்று என்பது இரண்டிலும் வேறு. அதனால் மில்லியைக் கேளுங்கள். 'வைல்' காரணம் சொல்வது அரிது, 'அதே நேரத்தில்', 'ஆனால்' என்ற இரண்டுக்கும் நடுவில்தான் அது ஆடும்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ எழுத்து நடைக் கையேடு 'சின்ஸ்', 'வைல்' இரண்டையும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, காரணத்துக்கு 'பிகாஸ்' எழுதச் சொல்கிறது. வார்டுக்கும் அது பொருந்தும். அதோடு மணியையும் சேர்த்துவிட்டால் போதும்: "ராத்திரி 8 மணி இன்சுலின் போடவில்லை, காரணம் வாந்தி. கடைசி ஊசி நேற்றுக் காலை 7 மணி."