ஃபிஸ்டுலா கையின் அதிர்வு: வீட்டில் கவனிக்க வேண்டியதும் உடனே சொல்ல வேண்டியதும்

ஃபிஸ்டுலா என்பது கையின் தமனி ஒன்றைப் பக்கத்துச் சிரையோடு நேராக இணைத்துத் தைத்த வழியாகும். தமனியின் வேகமான ரத்தம் உள்ளே பாய்வதால் அந்தச் சிரை சில வாரங்களில் பருத்துச் சுவர் தடித்து, டயாலிசிஸ் ஊசிகளைத் தாங்கும் நிலைக்கு வருகிறது. தைத்த இடத்தின் மேல் விரல்களை வைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் தையல் இயந்திரத்தின் பலகையைத் தொட்டாற்போல் இடைவிடாத மெல்லிய அதிர்வு தெரியும். அதைக் காலையிலும் இரவிலும் தொட்டுப் பார்த்துப் பழகியவருக்கே மாற்றம் முதலில் புலப்படும்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மா திங்கள், புதன், வெள்ளியில் எங்கள் மையத்துக்கு வருவார். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் நின்றுவிடும் ஊசித்துளை ரத்தம், ஒரு வெள்ளியன்று நிற்க இருபத்தைந்து நிமிடமானது. ஞாயிறு காலை தொட்டபோது அதிர்வு மறைந்து, சுவரில் மோதுவதுபோன்ற துடிப்பு மட்டும் இருந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் தளர்ந்து படிய வேண்டிய சிரை, உப்பியபடியே நின்றது. நாளைக்குத்தான் திங்களாயிற்றே என்று மகன் சொல்லியும், அவர் மையத்தின் அவசர எண்ணுக்கு அழைத்தார். "அம்மா, திங்கள் வரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார் மிஸி.

அந்த மூன்று அறிகுறிகளுக்கும் காரணம் ஒன்றுதான். ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழியில், தோள் பக்கமாகச் சிரை குறுகியிருந்தது; நுனி பிடிக்கப்பட்ட குழாயைப்போல் உள்ளே அழுத்தம் ஏறியதால் துளை அடைபடத் தாமதமாயிற்று. ஓட்டம் மெதுவானால் ரத்தம் உறைந்து வழி முழுதும் அடைபடும். அடைபடும் முன்பே கண்டறிந்ததால், பலூன் செலுத்தி விரித்ததோடு அவருடைய ஃபிஸ்டுலா தப்பியது. உறைந்து ஓரிரு நாள் கடந்துவிட்டால் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகவும் குறைகிறது; கழுத்தில் தற்காலிகக் குழாய் போட நேரும். குறுகல் தைத்த இடத்தை ஒட்டியிருந்தால் துடிப்பும் அதிர்வும் சேர்ந்தே மெலியும். அதையும் அன்றே தெரிவிக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கோ மயக்கமோ வந்து ரத்த அழுத்தம் இறங்கும் நாளில் உறையும் அபாயம் அதிகம். அன்று கூடுதலாகத் தொட்டுப் பாருங்கள். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். பாசார் மாலாமில் வாங்கிய பைகளை முழங்கையில் தொங்கவிடாதீர்கள். கோயில் காப்புக் கயிற்றை மறுகையில் கட்டச் சொல்லுங்கள், பூசாரி மறுக்கமாட்டார்.

ஊசித்துளையில் சிவப்பு, சூடு, சீழ் தெரிந்தாலும், குளிர்க்காய்ச்சல் வந்தாலும், பக்கு விழாமல் பெரிதானாலும், தோல் மெலிந்து பளபளத்தாலும் அன்றே சொல்ல வேண்டும். பக்கைக் கிள்ளக் கூடாது. வீட்டில் திடீரென ரத்தம் பீறிட்டால் பெரிய துண்டைச் சுற்றிக் கட்டாமல், ரத்தம் வரும் புள்ளியின் மேலேயே சுத்தமான துணியை வைத்து விரலால் அழுத்தி, கையை உயர்த்தி, அழுத்தத்தை விடாமல் 999 எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள்.