மொட்டை மாடிக்கும் ஒரு கலங்கல் வேண்டும்

சென்னைப் புறநகரில் ஒரு திருமண மண்டபம். ஐப்பசி மாதத்து மாலை, மேலே வரவேற்பு நடந்துகொண்டிருந்தபோது அரை மணி நேரம் மழை கொட்டியது. மாடிப் படிக்கட்டின் வழியாகத் தண்ணீர் அருவிபோல் இறங்கி, மின்தூக்கிக் குழிக்குள் போய் நின்றது. மறுநாள் காலை நான் மாடிக்கு ஏறினேன். கைப்பிடிச் சுவரைச் சுற்றித் தண்ணீர் நின்ற கோடு அழுக்காகப் படிந்திருந்தது. பத்து வடிகால் வாய்களில் நான்கை வேப்பிலைச் சருகு மூடியிருந்தது. அதில் ஒன்றில் பாலித்தீன் பையும் சேர்ந்து தோசைபோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சுத்தம் செய்யாததுதான் தப்பு சார்" என்றார் உரிமையாளர். அது பாதி உண்மைதான். பத்து வாயும் பளிச்சென்று திறந்திருந்தாலும் அந்த மாடிக்கு அவை போதாது.

மாடி 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம்; 1,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். இவ்வளவு தெரிந்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். மீதிப் பாதி, மழை எவ்வளவு வேகமாக விழுகிறது என்பது. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். செய்தியில் வரும் 24 மணி நேர அளவை எடுத்துக்கொள்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மி.மீ. பெய்தது. அதை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் மணிக்கு 20 மி.மீ.தான் வருகிறது. ஆனால் மாடியின் மறுமூலையில் விழுந்த துளி வடிகாலுக்கு வந்துசேரச் சில நிமிடங்கள் போதும். ஆகவே மாடியைச் சோதிப்பது நாள் மழை அன்று, பத்து நிமிட மழை. இடியோடு பத்து நிமிடத்தில் 25 மி.மீ. கொட்டினால் அதன் வேகம் மணிக்கு 150 மி.மீ. கடலோரத் தமிழகத்தில் பெரிய மாடிகளுக்கு நான் இந்த 150-ஐத்தான் எடுக்கிறேன். அப்படியானால் இந்த மாடியில் மணிக்கு 1,50,000 லிட்டர், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 42 லிட்டர் விழும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இதற்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. அதன்படி 100 மி.மீ. குழாய் ஒன்று, மணிக்கு 100 மி.மீ. மழையில் 42.7 சதுர மீட்டரை வடிக்கும், 150 மி.மீ. மழையில் 28.5 சதுர மீட்டரை மட்டுமே வடிக்கும். மண்டபத்தில் ஒவ்வொரு குழாயின் பங்குக்கும் 100 சதுர மீட்டர் விட்டிருந்தார்கள். தூணுக்கு ஒன்று என்று மேஸ்திரி வைத்த கணக்கு அது. அட்டவணையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், மணிக்கு 43 மி.மீ.க்கு மேல் மழை வலுத்ததுமே அந்த மாடியில் தண்ணீர் தேங்கத் தொடங்கும்.

"நாலு அங்குலக் குழாய் இவ்வளவு குறைவாகவா இழுக்கும்?" என்று மேஸ்திரி கேட்டார். நியாயமான கேள்வி. குழாயால் முடியும், செங்குத்தாக நிற்கும் 100 மி.மீ. குழாய், மூன்றில் ஒரு பங்கு நிறைந்தாலே நொடிக்குப் பத்து லிட்டரைக் கீழே கொண்டுபோகும். தடுப்பது அதன் வாய். வாயின் விளிம்பில் 30 மி.மீ. ஆழம்தான் தண்ணீர் நிற்கிறது, மேலே சல்லடையும் இருக்கிறது என்றால், உள்ளே நுழைவது நொடிக்கு ஒரு லிட்டரை ஒட்டித்தான். ஆழம் கூடினால் நுழைவதும் வேகமாகக் கூடும். ஆகவே போதாத வடிகால் உள்ள மாடி, தனக்குத் தேவையான ஆழத்தைத் தானே தேக்கி எடுத்துக்கொள்கிறது. அந்த ஆழம் படிக்கட்டு அறையின் நிலைப்படியைத் தாண்டும்போதுதான் நமக்குச் செய்தி வருகிறது. இங்கே நிலைப்படியின் உயரம் 75 மி.மீ.

வாய்தான் குறுக்கே நிற்கிறது என்பதால், கீழே பெரிய குழாயில் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் மட்டும் பயனில்லை. 100 மி.மீ. குழாயிலேயே நின்றால் 36 வாய்கள் வேண்டும். அது நடக்காத காரியம். 150 மி.மீ. குழாய், மணிக்கு 150 மி.மீ. மழையில் 83.6 சதுர மீட்டரை வடிக்கும். பன்னிரண்டு போட்டால் கணக்குச் சரி. பழைய பத்து இடங்களையும் உடைத்துப் பெரிதாக்கி, புதிதாக இரண்டு சேர்த்தோம். ஒவ்வொரு வாயையும் சுற்றி 450 மி.மீ. சதுரத்துக்குத் தளத்தைச் சற்றுத் தாழ்த்தி, தட்டையான சல்லடைக்குப் பதில் குவிந்த சல்லடை வைத்தோம். தட்டைச் சல்லடையை ஒரு இலைக்கொத்து மூடிவிடும். குவிந்ததில் அடி அடைத்தாலும் மேல்பகுதி இழுக்கும்.

ஆனாலும் சருகு வரும், பை வரும், சுத்தம் செய்யவேண்டியவர் ஊருக்குப் போயிருப்பார். பன்னிரண்டும் அடைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் வேண்டும். நம் ஏரிகளில் பாசனத்துக்கு மதகு, மிகுநீருக்குக் கலங்கல் என்று இரண்டும் தனித்தனி. மதகு அடைத்தாலும் கரை உடையாது. மொட்டை மாடிகளில் பெரும்பாலும் மதகு மட்டும்தான் இருக்கிறது. மண்டபத்திலும் கலங்கல் இல்லாமல் இல்லை. படிக்கட்டு வாசல்தான் கலங்கலாக இருந்தது.

உரிமையாளர் முதலில் சொன்ன யோசனை, நிலைப்படியை ஓர் அடி உயர்த்துவது. அதைக் கேட்டதும் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. நிற்கும் தண்ணீர் ஒரு சென்டிமீட்டருக்குச் சதுர மீட்டருக்குப் பத்து கிலோ. ஆட்கள் புழங்கும் மாடிக்கு 150 கிலோவும், புழங்காத மாடிக்கு 75 கிலோவும் சுமையாக எடுத்துத்தான் தளத்தை வடிவமைக்கிறோம். ஓர் அடி தண்ணீர் என்றால் ஓரத்தில் 300 கிலோ. தளம் நடுவில் மேடாக இருப்பதால் அங்கே ஆழம் குறைவு; அப்படியும் அந்த மாடியில் மொத்தம் 230 டன்னுக்கு மேல் நிற்கும். தாம்பரத்தின் அந்த ஒரு நாள் மழையில் பாதி போதும் அதற்கு.

ஆகவே கைப்பிடிச் சுவரில் கலங்கல் திறப்புகள் வைத்தோம். அடிமட்டம், ஓரத்துத் தளத்திலிருந்து 50 மி.மீ. மேலே, சாதாரண மழையில் அவற்றுக்கு வேலை இருக்கக்கூடாது. வடிகால் எதுவுமே இல்லை என்று வைத்து முழு 42 லிட்டருக்கும் கணக்கிட்டேன். திறப்பின் மேல் 50 மி.மீ. ஆழத்தில் தண்ணீர் ஓடினால், 300 மி.மீ. அகலத்துக்கு நொடிக்கு நாலரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வெளியேறும். பத்து திறப்பு வைத்தால் 44 லிட்டர். ஓரத்தில் மொத்த ஆழம் 100 மி.மீ.; இந்தத் தளம் புழங்கும் மாடிக்கான 150 கிலோவுக்குக் கட்டப்பட்டதால் தாங்கும். புழங்காத தளமாக இருந்திருந்தால் திறப்புகளைக் கூட்டி ஆழத்தைக் குறைத்திருப்பேன். நிலைப்படியை 150 மி.மீ.க்கு உயர்த்தினோம், சுவரில் நீர்க்காப்புப் பூச்சையும் அதற்கு மேல் ஏற்றினோம்.

கலங்கலின் நீரைக் குழாயில் சேர்க்கக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சுவர் கறைபடும் என்று உரிமையாளர் தயங்கினார். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கொட்டினால்தான் மேலே வடிகால் அடைத்திருப்பது கீழே இருப்பவருக்குத் தெரியும். அதனால் இரண்டு திறப்புகளைக் காவலாளி அறைக்கு நேர் மேலேயே வைத்தோம்.

வேலை முடிந்ததும் பன்னிரண்டு வாய்களையும் மணல் மூட்டையால் அடைத்து, லாரியில் 12,000 லிட்டர் தண்ணீர் வரவழைத்தோம். நடுவிலிருந்து இரு நீளப் பக்கங்களுக்கும் நூற்றுக்கு ஒன்று வாட்டம். ஆகவே ஓரத்தில் 50 மி.மீ. நிற்க 10,000 லிட்டர் பிடிக்கும். கணக்கில் எடுத்த மழையில் அது நான்கு நிமிட நீர். இரு பக்கமும் பாதிப் பாதியாக விட்டோம். லாரி காலியாகும் முன்பே ஏழு திறப்புகளில் நீர் ஒழுகத் தொடங்கியது, காவலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மூன்று மட்டும் உலர்ந்தே கிடந்தன. அளந்து பார்த்தால் அவற்றின் அடிமட்டம் 10 மி.மீ. கூடியிருந்தது. கொத்தனார் அன்றைக்கே அவற்றைச் செதுக்கி இறக்கினார்.