காலுக்குத் தெரியாத பிரேக்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகளோடு சேர்த்து 10 டன் எடையுள்ள ஒரு பள்ளிப் பேருந்து அதில் அடிவாரம் வந்து சேரும்போது சுமார் 1,100 மீட்டர் உயரத்தை இழந்திருக்கும். அந்த உயரத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் ஏறக்குறைய 10.8 கோடி ஜூல். அடுப்பங்கரைக் கணக்கில் சொன்னால், 350 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். இரண்டாவது கியரில் நிதானமாக இறங்கினால் அதில் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக் டிரம்களில்தான் சூடாக இறங்கும்.

சேலத்தில் ஒரு பள்ளியின் பேருந்துகளுக்கு நான் சில ஆண்டுகள் பொறுப்பாக இருந்தேன். மொத்தம் 14 வண்டிகள், அவற்றில் இரண்டு மலைக்குப் போகிறவை. காலை ஐந்து மணிக்கு ஷெட்டில் நின்று ஒவ்வொரு வண்டியையும் சுற்றிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிய பிறகுதான் வெளியே விடுவோம். டயர், விளக்கு, அவசர வழிக் கதவு, படிக்கட்டு, தளப் பலகை என்று பார்க்க நிறைய உண்டு. 2012 ஜூலையில் சென்னை தாம்பரம் பக்கம் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பேருந்துத் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இறந்தாள். பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சிறப்பு விதிகள் வந்தது அதே ஆண்டில்தான். அதிலிருந்து தளத்தைக் காலால் தட்டிப் பார்க்காத காலை எங்களுக்குக் கிடையாது. ஆனால் தளத்து ஓட்டை கண்ணுக்குத் தெரியும், டயர் தேய்ந்தாலும் தெரியும். கண்ணுக்கும் காலுக்கும் தெரியாமல் வளர்கிற பழுது ஒன்று உண்டு. இந்தக் கட்டுரை அதைப் பற்றி மட்டும்தான்.

காரில் பிரேக் தேய்ந்தால் பெடல் கீழே இறங்கும், காலுக்கே தெரிந்துவிடும். பேருந்தில் இருப்பது ஏர் பிரேக். அங்கே பெடல் ஒரு வால்வைத் திறக்கிறது, அவ்வளவுதான். டேங்கில் அடைத்து வைத்த காற்று, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக் சேம்பர் என்ற வட்ட டப்பாவுக்குப் போகிறது. அதனுள்ளே ஒரு ரப்பர் தகடு. காற்று அதை அழுத்த, அது ஒரு இரும்புக் கம்பியை வெளியே தள்ளும். அதுதான் புஷ் ராடு. ராடு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற கையைத் திருப்பும், அந்தக் கை 'எஸ்' வடிவ கேமைத் திருப்பும், கேம் இரண்டு பிரேக் ஷூக்களையும் விரித்து, சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் டிரம்மில் அழுத்தும். ராடு எவ்வளவு தூரம் வெளியே போனது என்ற செய்தி திரும்பி டிரைவரின் காலுக்கு வருவதே இல்லை. 30 மில்லிமீட்டர் போனாலும் 50 போனாலும் பெடல் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்தத் தூரத்தில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் மலை வண்டிகளின் பின் சக்கரத்தில் இருந்தது 24 என்ற அளவுள்ள சேம்பர். அதன் ராடு அதிகபட்சம் 57 மில்லிமீட்டர் நகரும், அதற்கு மேல் டப்பாவுக்குள் இடமில்லை. 45 மில்லிமீட்டரைத் தொட்டாலே வண்டியை நிறுத்திக் கவனிக்க வேண்டும். மிச்சம் 12 இருக்கிறதே, அதற்குள் என்ன அவசரம் என்று தோன்றலாம். அவசரத்துக்குக் காரணம் சூடு.

வார்ப்பிரும்பு சூடானால் விரியும். 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் 250 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பெருகும். ஷூவிலிருந்து பார்த்தால் டிரம் அரை மில்லிமீட்டர் விலகிப் போயிருக்கிறது. அந்த அரை மில்லிமீட்டரை எட்டிப் பிடிக்க, கேமும் அட்ஜஸ்டர் கையும் சேர்ந்து ராடைச் சுமார் 10 மில்லிமீட்டர் கூடுதலாக இழுக்கும். ஆக, காலையில் குளிர்ந்த வண்டியில் 47 காட்டும் ராடு, நாலைந்து வளைவு அழுத்தி இறங்கிய பிறகு 57 கேட்கும். அங்கே ராடு டப்பாவின் முடிவில் முட்டி நிற்கும். காற்று முழு அழுத்தத்தில் தள்ளும், ஷூவுக்கு ஒன்றும் போய்ச் சேராது. கை எட்டாத தூரத்துக் கதவைத் தள்ளுகிற கதைதான். அந்தச் சக்கரம் விட்ட வேலையை மற்ற மூன்றும் எடுத்துக்கொண்டு இன்னும் சூடாகும், அவற்றின் ராடுகளும் நீளத் தொடங்கும். ஷெட்டிலும் சமவெளியிலும் நன்றாகப் பிடித்த வண்டி மலையில் பாதி வழியில் பிடிக்காமல் போவது இப்படித்தான்.

ஆகவே காலால் உணர முடியாததை அளந்தே ஆக வேண்டும். முதலில் காற்று. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, காற்றழுத்த முள் 8 பார் அருகே வரும்வரை எஞ்சினை ஓட்டி அணைக்க வேண்டும். பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பெடலை முழுக்க அழுத்திக்கொண்டு மூன்று நிமிடம். அமெரிக்காவில் ஏர் பிரேக் உள்ள பேருந்து, லாரி ஓட்டுவதற்கான உரிமத் தேர்விலேயே இந்தச் சோதனை உண்டு. டிரெய்லர் இழுக்காத வண்டிக்கு அங்கே அழுத்தம் இறங்குவதற்கான வரம்பு நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.2 பார். ஆனால் நம் டேஷ்போர்டு முள்ளில் 0.2 பாரை எந்தக் கண்ணாலும் படிக்க முடியாது. அதனால்தான் நாங்கள் மூன்று நிமிடம் வைத்தோம். அந்த நேரத்தில் அரை பாருக்கு மேல் இறங்கினால் எழுத வேண்டும். அரை பார் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் ராடு. இதற்கு இரண்டு பேர் வேண்டும். எஞ்சின் அணைந்தே இருக்க, பெடலை விட்டு விட்டு மிதித்து முள்ளை 6-க்கும் 7-க்கும் நடுவில் கொண்டுவர வேண்டும். சேம்பரை விட்டு ராடு வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மேலே இருப்பவர் பெடலை முழுக்க மிதித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். பின் சக்கரத்தில் பார்க்கிங் பிரேக் போட்டிருந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ராடை ஏற்கெனவே தள்ளியிருக்கும், அளவு தப்பாக வரும். கட்டை போடச் சொல்வது அதனால்தான். சமவெளி வண்டிகளுக்கு வாரம் ஒரு முறை இதைச் செய்தோம், மலை வண்டிகளுக்குத் தினமும்.

இனி நடந்தது. ஆறாம் நம்பர் வண்டி, ஜூலை மாதம். 3-ஆம் தேதி காலை இடது பின் சக்கரத்தில் 46. டிரைவர் அண்ணன் 20 வருடம் மலையில் ஓட்டியவர். "பிரேக் நல்லாத்தான் புடிக்குதுங்க சார்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, அவர் காலுக்கு அப்படித்தான் தெரியும். மாற்று வண்டியை மலைக்கு அனுப்பினோம். மெக்கானிக் அட்ஜஸ்டரை ஸ்பேனரால் திருகி 34-க்குக் கொண்டுவந்து கையெழுத்துப் போட்டார். 11-ஆம் தேதி அதே சக்கரம் 45. மறுபடி திருகல், மறுபடி 34. 17-ஆம் தேதி 47.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். அதுவரை குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். பழுது எழுதப்படும், சரி செய்யப்படும், கையெழுத்து விழும், பக்கம் புரளும். 3-ஆம் தேதிப் பக்கமும் 11-ஆம் தேதிப் பக்கமும் தனித்தனியாகப் பார்த்தால் ஒழுங்காக முடிந்த வேலைகள். 17-ஆம் தேதிதான் மூன்று பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். முதல் இடைவெளி எட்டு நாள், அடுத்தது ஆறு நாள். மற்ற மூன்று சக்கரங்களும் மாதம் முழுக்க 33, 35 என்றே நின்றிருந்தன.

அந்த வண்டியில் இருந்தது ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்டர். ஷூவின் மேல் டிரம்மோடு உரசும் லைனிங் தேயத் தேயத் தானாகவே இடைவெளியைக் குறைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதைக் கையால் திருக வேண்டி வந்தது என்றாலே, அது தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். நாங்கள் திருகியது பழுதைச் சரி செய்யவில்லை, அறிகுறியைத் துடைத்தது. இறக்கிப் பார்த்தபோது விடை கிடைத்தது. உள்ளே ஒரு கிளட்ச் இருக்கும். இறுகும் பக்கம் சுலபமாகவும், தளரும் பக்கம் கரகரவென்று கடினமாகவும் திரும்ப வேண்டும். இதில் தளரும் பக்கமும் சத்தமே இல்லாமல் லேசாகச் சுழன்றது. கிளட்ச் தேய்ந்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவியிருக்கிறது. அட்ஜஸ்டரையே மாற்றினோம். 33 வந்தது, அடுத்த மாதமும் 34-ஐத் தாண்டவில்லை.

அதன் பிறகு குறிப்பேட்டை மாற்றினோம். ஒரு வண்டிக்கு ஒரு தாள், நான்கு சக்கரத்துக்கு நான்கு பத்தி, மாதம் முழுக்க அதே தாளில் தேதி வரிசையாக எண்கள். 'பிரேக் சரியில்லை', 'பிரேக் ஓகே' என்ற இரண்டு வாசகங்களையும் எழுதவே கூடாது என்று சொல்லிவிட்டேன். எந்தச் சக்கரம், எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் எழுத வேண்டும். ஒரே சக்கரம் 30 நாளுக்குள் இரண்டாம் முறை வந்தால் அது வேறு பழுது, ஸ்பேனரைத் தொடாமல் கழற்றிப் பார்க்க வேண்டும். கையெழுத்து மூன்று. கண்டுபிடித்த டிரைவர், என்ன செய்தேன் என்று எழுதும் மெக்கானிக், மறுநாள் அந்த வண்டியை எடுப்பவர். மூன்றாவது கையெழுத்துதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. ஷெட்டில் முடிந்த வேலையைச் சாலைக்குப் போகிற ஒருவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்வது அதில்தான்.

இதிலும் பிடிபடாதவை உண்டு. லைனிங்கில் எண்ணெய் கசிந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ ராடு அளவு சரியாகவே இருக்கும். மே மாதம் ஆர்.டி.ஓ. அதிகாரிகள் பள்ளி வண்டிகளைச் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருந்து, ஜூலையில் கசியலாம். அதற்கு மாலையில் ஒரு சோதனை சேர்த்தோம். மலை இறங்கி வந்து நின்றதும், தொடாமல் வெப்பம் அளக்கும் கருவியை நான்கு டிரம்களுக்கும் நேரே காட்டிப் பார்ப்பது. எல்லாமே சூடாகத்தான் இருக்கும், ஒரே அச்சின் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மிகவும் சூடென்றால் அந்தப் பிரேக் விடாமல் உரசுகிறது. ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யாமல் இறங்கி வந்திருக்கிறது. டிரைவர்கள் முதலில் சூடான சக்கரத்தைத்தான் தேடினார்கள். குளிர்ந்த சக்கரத்தைத் தேடப் பழக ஒரு மாதம் பிடித்தது.